தங்கம் நிறுக்கும்போது எண் ஆடினால்

ஹட்டனில் மாலைக் காற்று கதவு வழியாக வந்துவிட்டால் மில்லிகிராம் தராசு நிலைகொள்ளாது. 8 கிராம், அதாவது ஒரு பவுண் சங்கிலியை வைத்தால் 8.003, 7.998, 8.004 என்று எண் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அது காற்று. மூடியைச் சாத்தி, ஃபேனை நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நிலைமின்னூட்டத்தின் போக்கு வேறு. எண் ஆடாமல் ஒரே பக்கமாக மெதுவாக நகரும், கையைக் கிட்டக் கொண்டுபோனால் மாறும், பொருளை எடுத்த பிறகும் பூச்சியத்துக்குத் திரும்பாது. நானே பிளாஸ்டிக் மூடியை உலர்ந்த துணியால் பளபளவென்று துடைத்துவிட்டு, தராசு கெட்டுவிட்டது என்று நினைத்து அரை நாள் மல்லுக்கட்டினேன். தங்கம் மின்கடத்தி, உலோகத் தட்டில் இருந்தால் அதில் மின்னூட்டம் தங்காது. குற்றவாளி மூடியோ, நகையைப் போட்ட பொலித்தீன் பையோதான். மூடியை லேசான ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள், நகையைப் பையிலிருந்து எடுத்து உலோகத் தட்டில் வைத்து நிறுங்கள்.

அப்புறம், 10 கிராம் சோதனைப் படிக்கல்லை இடுக்கியால் நடுவில் வையுங்கள், மூன்று தடவை. மூன்றும் ஒன்றுபோல வந்து, ஆனால் 10.000 இல்லை என்றால் காற்றைத் திட்டிப் பயனில்லை, அளவுதிருத்தம் செய்ய வேண்டும்.