மெய் விம்பம் மாய விம்பமாக மாறிவிடும் குறிப் பிழை: ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம்

திருகோணமலையில் உயர்தரத்துக்குப் படிக்கும் பிள்ளைகள் பலர் பகலில் வகுப்புக் குறிப்பும், இரவில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் காணொளியும் வைத்துப் படிக்கிறார்கள். இரண்டுமே நல்லவைதான். ஆனால் ஆடி, வில்லைக் கணக்குகளில் மட்டும் இந்தக் கலவை ஆபத்தானது. தூரங்களுக்கு நேர், மறை எனக் குறி கொடுக்கும் வழக்கு இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பாதிக் குறியை இங்கிருந்தும் மீதியை அங்கிருந்தும் எடுத்தால், திரையில் விழ வேண்டிய விம்பம் கணக்கில் மாய விம்பமாகிவிடும்.

இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொள்வோம். குவியத் தூரம் 10 செ.மீ. உள்ள குவிவு வில்லையின் முன்னே 15 செ.மீ. தூரத்தில் ஒரு பொருள் இருக்கிறது. விம்பம் எங்கே? மெய்யா, மாயமா?

முதல் படி: குறி போடாமல் விடையை ஊகியுங்கள்

பேனையை எடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: பொருள் குவியத்துக்கு வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா? குவிவு வில்லையானாலும் குழிவு ஆடியானாலும், பொருள் வெளியே இருந்தால் விம்பம் மெய், தலைகீழ். உள்ளே இருந்தால் மாயம், நிமிர்ந்தது, பெரியது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். உட்துறைமுகப் பக்கம் ஒரு ஜன்னல் இருந்தால், அதற்கு எதிரே வெள்ளைத் தாளைப் பிடித்து, கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஒரு இடத்தில் கப்பலும் கரையும் தலைகீழாகத் தாளில் விழும். தாளுக்கும் கண்ணாடிக்கும் இடைப்பட்ட தூரம்தான் ஏறக்குறைய அதன் குவியத் தூரம். அப்புறம் அதே கண்ணாடியைப் புத்தக எழுத்துக்கு மிக அருகே கொண்டுபோனால் எழுத்து நிமிர்ந்து பெரிதாகத் தெரியும். ஆனால் தாளை எங்கே பிடித்தாலும் அந்த விம்பம் அதில் விழாது. (சூரியனை நோக்கி மட்டும் வேண்டாம்.)

நம் கணக்கில் 15 என்பது 10ஐ விடப் பெரியது. ஆகவே விம்பம் மெய். பொருள் எல்லையற்ற தூரத்தில் இருக்கும்போதே விம்பம் குவியத்தில்தான் விழும். பொருள் அருகே வர வர விம்பம் வில்லையை விட்டு விலகிப் போகும். எனவே நம் விடை 10 செ.மீ.யை விடப் பெரிதாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: அம்பு வரைந்து, நேர்த் திசையைத் தீர்மானியுங்கள்

வில்லையை வரைந்து, படுகதிர் போகும் திசைக்கு ஓர் அம்பு போடுங்கள். எல்லாத் தூரங்களும் வில்லையின் ஒளியியல் மையத்திலிருந்து அளக்கப்படும். ஆடியென்றால் முனைவிலிருந்து. இப்போது இரண்டு வழக்குகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்றில் படுகதிரின் திசை நேர். மற்றதில் அதற்கு எதிர்த்திசை நேர். இரண்டுக்கும் வில்லைச் சூத்திரம் ஒன்றே:

```
1/v - 1/u = 1/f
```

படுகதிரின் திசை நேர் என்றால், பொருள் வில்லையிலிருந்து அம்புக்கு எதிர்த்திசையில் இருப்பதால் u = -15. குவிவு வில்லைக்கு f = +10. எதிர்த்திசை நேர் என்றால் இரண்டுமே புரளும்: u = +15, f = -10. எதை எடுத்தாலும் சரி, ஒன்றை மட்டும் எடுங்கள். முதல் வழக்கில்:

```
1/v = 1/10 - 1/15 = 1/30,  v = +30
```

இரண்டாவது வழக்கில்:

```
1/v = -1/10 + 1/15 = -1/30,  v = -30
```

ஒன்றில் நேர், மற்றதில் மறை. ஆனால் இரண்டும் சொல்வது ஒன்றுதான்: வில்லையின் மறுபக்கத்தில் 30 செ.மீ. தூரத்தில் மெய் விம்பம். "மறை வந்தால் மாயம்" என்று மனப்பாடம் செய்தவர் இரண்டாவது வழக்கில் இங்கேயே தடுமாறுவார். குறி சொல்வது பக்கத்தை மட்டும்தான். ஒளி உண்மையில் போய்ச் சேரும் பக்கம் எது என்று நீங்கள் பார்க்க வேண்டும். வில்லைக்கு அது மறுபக்கம், ஆடிக்கு முன்பக்கம்.

கலந்தால் என்ன ஆகும்?

வகுப்புக் குறிப்பிலிருந்து u = +15 எடுத்து, காணொளியில் கேட்ட "குவிவு வில்லைக்கு f நேர்" என்பதையும் சேர்த்தால்:

```
1/v = 1/10 + 1/15 = 1/6,  v = +6
```

நேர் என்பது இங்கே பொருள் இருக்கும் பக்கம். அதனால் "6 செ.மீ. தூரத்தில் மாய விம்பம்" என்று எழுதிவிடுவார்கள். கணக்கில் எங்கும் கூட்டல் கழித்தல் தவறவில்லை, ஆகவே திரும்பப் பார்த்தாலும் பிழை கண்ணில் படாது. உண்மையில் இது குழிவு வில்லை ஒன்றின் விடை. f-இன் குறி தவறியதால் வில்லையின் வகையே மாறிவிட்டது.

ஆடியிலும் இதேதான். அதன் சூத்திரம் `1/v + 1/u = 1/f`. அதே 15, 10 செ.மீ. தூரங்களைக் குழிவு ஆடிக்கு எடுத்தால், படுகதிரின் திசை நேர் என்னும் வழக்கில் u, f இரண்டுமே மறை. வில்லைப் பழக்கத்தில் f-க்கு +10 போட்டால் v = +6 வரும்; ஆடிக்குப் பின்னே மாய விம்பம். அது குவிவு ஆடியின் விடை.

மூன்றாம் படி: தெரியாத கணியத்துக்குக் குறி போடாதீர்கள்

நன்றாகப் படிப்பவர்களும் விழும் குழி இது. அதே குழிவு ஆடிக் கணக்கில், "விம்பம் மெய்தான், முன்னால் விழும், ஆகவே v மறை" என்று முன்கூட்டியே -v என்று எழுதுகிறார்கள்:

```
-1/v - 1/15 = -1/10,  v = +30
```

பிறகு இந்த நேர்க்குறியைப் பார்த்து, "ஆடிக்குப் பின்னால், மாயம்" என்று முடிக்கிறார்கள். மறையை ஏற்கனவே செலவழித்தாயிற்று என்பது மறந்துபோகிறது. தெரிந்த தூரங்களுக்கு மட்டும் குறி கொடுங்கள். v-யை வெறும் v ஆகவே விட்டால், அது தன் குறியோடு தானே வெளியே வரும்.

நான்காம் படி: 30ஆ, 6ஆ என்று பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. இதற்கு எந்தக் குறிவழக்கும் தேவையில்லை. மெய்ப்பொருள் ஒன்று குவிவு வில்லை அல்லது குழிவு ஆடியின் முன் இருந்தால், குறிகளைப் போட்டு முடித்த கடைசி வரியில் இரண்டு பின்னங்களும் ஒன்றிலிருந்து ஒன்று கழிபட வேண்டும். குழிவு வில்லை, குவிவு ஆடி என்றால் இரண்டும் கூட வேண்டும். குவிவு வில்லைக் கணக்கில் 1/10உம் 1/15உம் கூடி 1/6 ஆனால், அந்த இடத்திலேயே நிறுத்தி f-இன் குறியையும் u-இன் குறியையும் பாருங்கள். முதல் படியில் எழுதிய "10ஐ விடப் பெரிது" என்பதும் இதையே காட்டிக் கொடுக்கும்.

மாய விம்பமே சரியான விடையாக வரும் இடத்திலும் இது பொருந்தும். குவியத் தூரம் 20 செ.மீ. உள்ள குழிவு ஆடியின் முன் 12 செ.மீ.யில் பொருள் இருந்தால், 1/12இலிருந்து 1/20 கழிந்து 1/30 வரும். ஆடிக்குப் பின்னே 30 செ.மீ., நிமிர்ந்தது, 2.5 மடங்கு பெரியது. பொருள் குவியத்துக்குள் இருப்பதால் இந்த மாயம் உண்மையானது.

ஒரு எல்லை மட்டும் உண்டு. இரண்டு வில்லைக் கணக்கில், முதல் வில்லையிலிருந்து குவிந்து வரும் கதிர்கள் சந்திப்பதற்கு முன்பே இரண்டாவது வில்லையில் படலாம். அப்போது இரண்டாவது வில்லைக்குக் கிடைப்பது மாயப்பொருள். அது வில்லைக்கு அப்பால் 15 செ.மீ.யில் இருந்தால், படுகதிரின் திசை நேர் என்னும் வழக்கில் u = +15. அதே 10 செ.மீ. குவிவு வில்லையில் பின்னங்கள் கூடி v = +6 வரும். அங்கே 6 சரியான விடை, விம்பமும் மெய்.