எட்டு பேனல் முடிந்தது, இன்னும் நாற்பது வேண்டுமாம்: கூலியைக் கணக்கிடுவது எப்படி?

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் ஒரு சின்னப் பட்டறையில் செலவுக் கணக்கு பார்க்கிறேன். பம்ப்களுக்கான கண்ட்ரோல் பேனல் செய்கிறோம். பெட்டிக்குள் வயர் இழுப்பது, முனை அழுத்துவது, எண் ஒட்டுவது, சோதிப்பது என எல்லாமே கைவேலை. ஒரே மாதிரியில் எட்டு பேனல் செய்து கொடுத்த பிறகு, அதே வாடிக்கையாளர் இன்னும் 40 கேட்டார். கூலிக்கு எவ்வளவு போடுவது என்று உட்கார்ந்தபோது சூப்பர்வைசர் அண்ணன் சொன்னார்: "தம்பி, மொதோ பேனலுக்கு எங்களுக்கு நாப்பது மணி நேரம் ஆச்சு. இப்பல்லாம் அவ்வளவு ஆகாது. பசங்களுக்குக் கை பழகிருச்சு."

அந்தக் "கை பழகிருச்சு" என்பதை எண்ணாக மாற்றுவதுதான் கற்றல் வளைவு. 1936-இல் டி. பி. ரைட் என்ற அமெரிக்கப் பொறியாளர் விமானம் கட்டும் செலவை ஆராய்ந்து இதை எழுதினார். மொத்தம் செய்த எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஒன்றுக்கு ஆகும் சராசரி நேரம் ஒரே விகிதத்தில் குறைகிறது என்பதே அதன் சாரம்.

முதலில் ஜாப் கார்டை எடுங்கள்

விகிதத்தை ஊகிக்க வேண்டாம், சொந்தப் பதிவிலேயே அது இருக்கும். எங்கள் கார்டுகளில் முதல் பேனலுக்கு 40 மணி நேரம், இரண்டாவதுக்கு 28. நான்கு முடிந்தபோது மொத்தம் 116, எட்டு முடிந்தபோது 197.

இதில் நாம் பார்க்க வேண்டியது திரண்ட சராசரி நேரம். அதாவது முதல் பேனலிலிருந்து இதுவரை ஆன மொத்த நேரத்தை, இதுவரை செய்த மொத்த எண்ணிக்கையால் வகுப்பது. ஒன்றுக்கு 40. இரண்டுக்கு 68 வகுத்தல் 2, ஆக 34. நான்குக்கு 29. எட்டுக்கு 24.6.

இப்போது ஒவ்வொரு இரட்டிப்பையும் முந்தையதால் வகுத்துப் பாருங்கள். 34-ஐ 40-ஆல் வகுத்தால் 0.85. 29-ஐ 34-ஆல் வகுத்தால் 0.853. 24.6-ஐ 29-ஆல் வகுத்தால் 0.848. மூன்றும் 0.85-ஐ ஒட்டியே நிற்கின்றன, அதனால் இது 85 சதவீத வளைவு. ஒன்று 0.80, அடுத்தது 0.95 என்று தாறுமாறாக வந்திருந்தால் நான் இந்த முறையை நம்பியிருக்க மாட்டேன். ஆள் மாறியிருக்கலாம், பொருள் வராமல் காத்திருந்த நேரம் கார்டில் ஏறியிருக்கலாம். அதைச் சரிசெய்த பிறகே மேலே போக வேண்டும்.

ஒரு விஷயத்தில் புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகிறார்கள். 34 என்பது இரண்டாவது பேனலின் நேரமில்லை, இரண்டு பேனல்களின் சராசரி. இரண்டாவது பேனல் எடுத்தது 28 தான்.

இரட்டிப்புக்கு இடையில் வரும் எண்ணிக்கை

8, 16, 32 வரை 0.85-ஆல் பெருக்கிக்கொண்டே போகலாம். ஆனால் நமக்கு வேண்டியது 48. ஏற்கெனவே செய்த 8, புதிதாக 40, அப்படித்தான் 48 வருகிறது. அது இரட்டிப்பு வரிசையில் இல்லை, அதனால் சூத்திரம் வேண்டும்:

```
Y = a * X^b
b = log(0.85) / log(2) = -0.2345
```

a என்பது முதல் பேனலின் நேரம், X மொத்த எண்ணிக்கை, Y அந்த எண்ணிக்கை வரையிலான சராசரி நேரம். எக்செல்லில் இப்படிப் போடலாம்:

```
B1: 40
B2: 0.85
B3: =LOG(B2)/LOG(2)
B4: =B1*48^B3
B5: =B4*48
B6: =B5-197
```

B4-இல் 16.14 வரும். B5-இல் 48 பேனலுக்கான மொத்தம், ஏறத்தாழ 775 மணி நேரம். இதில் 197 மணி நேரம் ஏற்கெனவே போய்விட்டது. கழித்தால் B6-இல் 578. புதிய நாற்பதுக்கு ஆகும் நேரம் இதுதான், பேனல் ஒன்றுக்குச் சுமார் 14.45 மணி நேரம்.

இந்தக் கழித்தலில்தான் இரண்டு தவறுகள் நடக்கின்றன. 16.14-ஐ நேராக 40-ஆல் பெருக்குகிறவர்களுக்கு 646 வரும். ஆனால் அந்தச் சராசரிக்குள் தட்டுத்தடுமாறிச் செய்த முதல் எட்டும் கலந்திருக்கிறது. இன்னும் சிலர் X-க்கு 40 என்று போட்டுவிடுவார்கள், 674 கிடைக்கும். பட்டறை எதையுமே கற்காமல் மறுபடி முதல் பேனலிலிருந்து தொடங்குகிறது என்று அதற்கு அர்த்தம். எப்போதும் 48 வரையிலான மொத்தத்திலிருந்து 8 வரையிலான மொத்தத்தைக் கழியுங்கள்.

வெள்ளிக்கு மாற்றும்போது

சம்பளம், லெவி, மற்றதெல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு 18 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 578-க்கு 10,404 வெள்ளி. வளைவைப் பார்க்காமல், பழைய எட்டின் சராசரியையே நாற்பதுக்கும் போட்டிருந்தால் 985 மணி நேரம், 17,730 வெள்ளி. வித்தியாசம் 7,326 வெள்ளி. அந்த விலையில் கொட்டேஷன் கொடுத்தால் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போயிருக்கும்.

ஆனால் அந்த 7,326 வெள்ளி அப்படியே கையில் மிஞ்சும் என்று நினைக்காதீர்கள். எங்கள் மூன்று பேருக்கும் மாதச் சம்பளம், லெவியும் மாதக் கணக்குதான். வேலை சீக்கிரம் முடிந்தால் அவர்களை அடுத்த வேலைக்கு அனுப்ப வேண்டும். சும்மா உட்கார்ந்திருந்தால் செலவு குறையாது, கணக்கில் மணி நேரம் மட்டும்தான் குறையும்.

நேரடியாகப் பணம் மிச்சமாவது ஓட்டியில், அதாவது கூடுதல் நேர வேலையில். மூன்று பேர், வாரத்துக்கு 44 மணி நேரம் வீதம் 132. 578 மணி நேர வேலை நாலரை வாரத்துக்குள் முடிந்துவிடும். 985 என்று நினைத்தால் ஏழரை வாரம். வாடிக்கையாளர் ஐந்து வாரம் கொடுத்திருக்கும்போது, தேவையே இல்லாத ஓட்டியைத் திட்டமிட்டிருப்போம். ஓட்டிக்கு அடிப்படைச் சம்பளத்தில் குறைந்தது ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும் அல்லவா?

இன்னொன்று: வளைவு கைவேலைக்கு மட்டும்தான். பேனலுக்குள் போகும் பிரேக்கருக்கும் கேபிளுக்கும் இதைப் போடக் கூடாது. இயந்திரம் தன் வேகத்தில் ஓடும் சோதனை ஏதாவது இருந்தால் அந்த நேரத்துக்கும் போடக் கூடாது. வளைவு முடிவில்லாமல் இறங்கவும் இறங்காது. 32-ஆவது பேனலோடு முன்னேற்றம் நின்றுவிடும் என்று அண்ணன் சொன்னால், 32 வரையிலான மொத்தத்திலிருந்து 31 வரையிலான மொத்தத்தைக் கழித்து அந்த ஒரு பேனலின் நேரத்தை எடுங்கள்: 13.64. மீதி 16 பேனலுக்கும் அதையே போடுங்கள். மொத்தம் 578-க்குப் பதில் சுமார் 590 ஆகும். எங்கள் ஆர்டரில் இந்த 12 மணி நேரம் பெரிதில்லை. மீதி 16 இல்லாமல் 160 என்றால் கதை வேறு.

இதைவிட எனக்குக் கவலை ஆட்கள் மாறுவதுதான். பெர்மிட் முடிந்து ஒருவர் ஊருக்குப் போனால், கற்றதும் அவரோடு போய்விடும். நடுவில் இரண்டு மாதம் இந்த பேனலையே தொடாமல் இருந்தாலும் கை மறந்துவிடும். வளைவுக்கு இது தெரியாது. அதனால் புதிய ஆர்டரின் முதல் நான்கு பேனலை மட்டும் தனியாகக் கவனிப்பேன். X-க்கு 12 போட்டால் மொத்தம் 268, அதில் 197 போனால் 71. நான்கு பேனலும் சேர்ந்து 71 மணி நேரத்தை ஒட்டி முடிந்தால் வளைவு தொடர்கிறது. 90-ஐத் தாண்டினால் அன்றே அண்ணனோடு உட்கார்ந்து, மீதி 36-க்கும் கணக்கைத் திரும்பப் போடுவேன்.