உயில் இல்லாதவருக்கு ‘உயில்’ என்று தலைப்பு வைக்கலாமா? வழக்கறிஞர் அலுவலகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த ஊர்களில் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அடிக்கடி வரும் விவகாரம் இது. அப்பா இறந்து சில வருடம் ஆகிவிட்டது. தாமான் வீட்டின் கெரான் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. அம்மா அந்த வீட்டில்தான் இருக்கிறார். பிள்ளைகளில் ஒருவர் சிங்கப்பூரில். உயில் எதுவும் இல்லை.

இந்தக் குடும்பத்தில் யாராவது கைப்பேசியில் தேடும்போது அலுவலகத்தின் இணையப் பக்கம் கண்ணில் படுகிறது. தலைப்பு: ‘உயில் மெய்ப்பித்தலும் நிர்வாக அதிகாரப் பத்திரமும்’. சட்டப்படி அதில் பிழையே இல்லை. ஆனால் படிக்கிறவர் முதல் சொல்லைப் பார்த்து, “நம்மகிட்ட உயில் இல்லையே, இது நமக்கில்லை” என்று நகர்ந்துவிடுவார். தலைப்பின் இரண்டாம் பாதிதான் உண்மையில் அவருக்கானது. அதை அவர் எட்டவே மாட்டார். இதே பக்கத்துக்கு, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து என்ற பொருளில், ‘எஸ்டேட் விவகாரங்கள்’ என்று பெயர் வைத்த அலுவலகங்களும் உண்டு. எங்கள் ஊரில் அதைப் படித்தால் தோட்டத் தொழிலாளர் சம்பள வழக்கு என்றுதான் நினைப்பார்கள்.

சரி, எளிமையாக்கலாம் என்று உட்கார்ந்தால் அடுத்த தவறு காத்திருக்கிறது. ‘அப்பா வீடு இனி உங்கள் பெயரில்!’ புரிகிறது, இழுக்கிறது. ஆனால் இது ஒரு முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, அதுவும் தவறான முடிவை. முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், தீபகற்ப மலேசியாவில் 1958ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டப்படிதான் சொத்து பிரியும். அவர் இறந்தபோது அவருடைய பெற்றோர் உயிரோடு இல்லை, மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள் என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகள் எல்லோருக்குமாகச் சேர்த்து மூன்றில் இரண்டு. மகன், மகள் வித்தியாசம் இல்லை. கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மூத்த மகன் அந்தத் தலைப்பைப் படித்து, வீடு முழுக்கத் தன் பெயருக்கு வரும் என்ற நினைப்போடு வருவார். கட்டிக்கொடுத்த தங்கைகளுக்கும் பங்கு உண்டு என்று கேட்டதும் அவர் முகம் மாறும். அந்த நினைப்பை விதைத்தது தலைப்புதான்.

‘30 நாளில் பெயர் மாற்றம்’ என்பது இதே ரகம். உயில் இல்லை, அசையாச் சொத்து இருக்கிறது, மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டுக்குள் என்றால் பொதுவாக இது உயர் நீதிமன்றத்துக்குப் போகாது. சிறு சொத்துப் பகிர்வு அலுவலகத்துக்குப் போகும். நம் ஆட்கள் ‘புசாகா’ என்று சொல்வது இதைத்தான். 2024 ஜூலை வரை இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது. விண்ணப்பம் கொடுத்த பிறகு விசாரணைக்கு நாள் குறிப்பார்கள். வாரிசுகள் வரவேண்டும், வர முடியாதவர் முறைப்படி ஒப்புதல் தரவேண்டும். உத்தரவு கிடைத்த பிறகு அதை நில அலுவலகத்தில் பதிய வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளை கையெழுத்துப் போட மறுத்தால், அல்லது கெரானில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகாவிட்டால், நாள் இழுத்துக்கொண்டே போகும். இதில் எதுவும் வழக்கறிஞர் கையில் இல்லை. கையில் இல்லாததற்கு நாள் கணக்கு சொல்லக் கூடாது.

அப்படியானால் என்ன எழுதுவது? வருகிறவர் முகப்பில் உள்ள கிளார்க்கிடம் சொல்லும் முதல் வாக்கியத்திலிருந்து தொடங்கலாம். “அப்பா தவறிட்டாரு, வீடு அவர் பேர்ல இருக்கு.” யாருமே ‘நிர்வாக அதிகாரப் பத்திரம் வேண்டும்’ என்று கேட்டு வருவதில்லை. அந்த நிலைமையை முதலில் வைத்து, அலுவலகம் செய்து தரும் வேலையை அடுத்து வைத்தால் போதும்:

```
<title>இறந்தவர் பெயரில் வீடு, நிலம்: உயில் இல்லாதபோது விண்ணப்பம்</title>
```

‘விண்ணப்பம்’ என்பது வேலை, ‘பெயர் மாற்றம்’ என்பது விளைவு. முதலாவதை வழக்கறிஞர் கட்டாயம் செய்து தர முடியும். அலுவலகத்தின் பெயரைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம், முன்னால் வேண்டாம். தேடல் முடிவுகளில் நீளமான தலைப்பின் வால்தான் வெட்டுப்படும், தமிழ் எழுத்து இடத்தையும் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும். உயில் உள்ளவர்களுக்குத் தனிப் பக்கம் போடுவதுதான் நல்லது. அவர்கள் போகவேண்டிய இடம் வேறு. இரண்டையும் ஒரே தலைப்பில் திணித்ததால்தான் முதல் குழப்பமே வந்தது.

விவாகரத்துப் பக்கத்திலும் இதே கதைதான். ‘குடும்பச் சட்டம்’ என்று மட்டும் போட்டால் எல்லாம் அடங்கும், ஒன்றும் புரியாது. அதற்காக ‘3 மாதத்தில் விவாகரத்து’ என்று போடுவது இன்னும் மோசம். அந்த மூன்று மாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். முஸ்லிம் அல்லாதோருக்கான 1976 சட்டத்தில், நீதிமன்றம் தரும் முதல் தீர்ப்பாணை இறுதியாவதற்குப் பொதுவாகக் காத்திருக்க வேண்டிய காலம் அது. அதற்கு முன்னால் மனு போட்டு, தேதி கிடைத்து, தீர்ப்பாணை வாங்கும் காலம் தலைப்பில் காணாமல் போய்விடுகிறது. ‘இருவரும் சம்மதித்தால் விவாகரத்து மனு’, ‘ஒருவர் மட்டும் கேட்கும் விவாகரத்து மனு’ என்று இரண்டாகப் பிரித்தால் படிக்கிறவருக்குத் தன் இடம் உடனே தெரியும். நடைமுறையும் வேறுதான். ஒருவர் மட்டும் கேட்டால், சில விதிவிலக்குகள் தவிர, முதலில் தேசியப் பதிவு இலாகாவின் சமரசக் குழுவைப் பார்க்க வேண்டும்.

விபத்து இழப்பீட்டுப் பக்கத்துக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ‘ஜெயித்தால் மட்டும் கட்டணம்’ என்று மட்டும் எழுதவே கூடாது. வழக்கில் வென்றால்தான் பணம் என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் போடுவதை 1976 வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112ஆம் பிரிவு ஏற்பதில்லை. தெருக்கம்பத்தில் ஏஜெண்டுகள் ஒட்டும் சுவரொட்டியைப் பார்த்து அலுவலகத் தலைப்பு எழுதினால் இதுதான் நடக்கும். எந்தத் தலைப்பையும் வெளியிடுமுன் வழக்கறிஞர்களுக்கான 2001 விளம்பர விதிகளோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

இவ்வளவும் படித்துவிட்டு, தலைப்பில் எண்ணே போடக் கூடாது போலிருக்கிறது என்று சிலர் பயந்துவிடுவார்கள். அதுவும் தவறு. தோட்டத்திலோ ஆலையிலோ காரணமில்லாமல் வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர், வேலைக்குத் திரும்பச் சேர்க்கக் கோரி தொழில் உறவு இலாகாவில் 60 நாளுக்குள் மனு கொடுத்தாக வேண்டும். ‘வேலை நீக்கமா? 60 நாளுக்குள் மனு’ என்ற தலைப்பு எந்த வாக்குறுதியும் தரவில்லை. அங்கே அந்த எண்தான் மிக முக்கியமான தகவல். அதைப் பார்க்காமல் 61ஆவது நாளில் வருகிறவருக்கு அந்த வழி அடைபட்டுவிடும். ஆனால் ‘முதல் நாளிலிருந்து உங்களோடு’ என்று பக்கத்தில் ஒட்ட வேண்டாம். இலாகா நடத்தும் சமரசப் பேச்சில் வழக்கறிஞர் தொழிலாளிக்காக உட்கார முடியாது. அவர் பேச ஆரம்பிப்பது விவகாரம் தொழில் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான்.