ஆர்பிட்ரேஜ் ஃபண்டில் லாபம் எங்கிருந்து வருகிறது? ஒரே ஒரு பங்கை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மூன்று மாதத்துக்குப் பிறகு தேவைப்படும் 2 லட்சம் ரூபாயை ஒரு ஆர்பிட்ரேஜ் ஃபண்டில் போட்டிருந்தேன். பதினோராவது நாள் என்ஏவி இறங்கியது. அடுத்த நாளும் இறங்கியது, அதற்கு மறுநாளும்தான். "ரிஸ்க் குறைவு என்றார்களே" என்று பயந்து பதினேழாவது நாள் முழுப் பணத்தையும் எடுத்துவிட்டேன். 30 நாளுக்குள் எடுத்ததால் 0.25% எக்ஸிட் லோட், அதாவது ஏறக்குறைய 500 ரூபாய் போனது. ஃபியூச்சர் ஒப்பந்தங்கள் முடியும் எக்ஸ்பைரி வாரம் கழிந்தபின் அதே ஃபண்டின் என்ஏவியைப் பார்த்தேன். இறங்கியது மொத்தமும் திரும்பி வந்து அதற்கு மேலும் ஏறியிருந்தது. அன்று உட்கார்ந்து போட்ட கணக்குதான் இந்தப் பதிவு.

மியூச்சுவல் ஃபண்ட் கணக்கு தொடங்குவது, கேஒய்சி எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: ஒரு பங்கின் இரண்டு விலைகளையும் எழுதுங்கள்

ஃபியூச்சர்ஸ், அதாவது இன்றே விலை பேசிப் பின்னொரு தேதியில் தீர்க்கும் ஒப்பந்தம், இருக்கும் எந்தப் பங்குக்கும் ஒரே நேரத்தில் இரண்டு விலை இருக்கும். கேஷ் மார்க்கெட்டில் இன்றைக்கு வாங்கும் விலை ஒன்று, இந்த மாத எக்ஸ்பைரிக்கான ஃபியூச்சர் விலை இன்னொன்று. கேஷ் விலை 1000 ரூபாய், ஃபியூச்சர் 1006 ரூபாய், எக்ஸ்பைரிக்கு 27 நாள் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 6 ரூபாய் ஏன் வருகிறது? பங்கு ஏறும் என்று நம்பும் ஒருவரிடம் முழு 1000 ரூபாய் இல்லை, அல்லது முழுவதையும் முடக்க மனமில்லை. அவர் மார்ஜின் என்ற முன்பணம் மட்டும் கட்டி ஃபியூச்சரை வாங்குகிறார். மீதிப் பணத்தை அவருக்காக வேறு யாரோ முடக்க வேண்டும். ஃபண்ட் தன் பணத்தில் பங்கை வாங்கி வைத்துக்கொண்டு, அவருக்கு 1006-க்கு ஃபியூச்சரை விற்கிறது. பெயர்தான் பங்கு வியாபாரம். நடப்பது 27 நாளைக்கு வட்டிக்குக் கொடுப்பது. அடமானமாகப் பங்கு ஃபண்டின் கையிலேயே இருக்கிறது, எதிராளி பணம் கட்டாமல் போனால் எக்ஸ்சேஞ்சின் கிளியரிங் கார்ப்பரேஷன் பொறுப்பு. இந்த ஃபண்டுகள் கடன் ஃபண்ட் மாதிரி நடந்துகொள்வதற்கு இதுதான் அடிப்படை.

வட்டி எவ்வளவு என்று பார்க்க ஸ்ப்ரெட்ஷீட்டில் A2-வில் கேஷ் விலை, B2-வில் ஃபியூச்சர் விலை, C2-வில் மீதி நாட்களைப் போட்டு இதை எழுதுங்கள்:

```
=(B2-A2)/A2*365/C2
```

நம் உதாரணத்துக்கு 0.081, அதாவது ஆண்டுக்கு 8.1% வரும்.

கடைசியாக நடந்த வியாபார விலையை மட்டும் பார்த்து இதைக் கணக்கிடாதீர்கள். அதிகம் கைமாறாத பங்கில் ஃபியூச்சரின் கடைசி விலை அரை மணி நேரம் பழசாக இருக்கும், இல்லாத இடைவெளி இருப்பதுபோல் தெரியும். கேஷில் விற்பவர் கேட்கும் விலையையும், ஃபியூச்சரில் வாங்குபவர் தரத் தயாராக இருக்கும் விலையையும் எடுங்கள்.

படி 2: எக்ஸ்பைரி அன்று என்ன ஆகிறது

என்எஸ்இயில் 2025 செப்டம்பர் முதல் மாதத்தின் கடைசி செவ்வாய்க்கிழமை எக்ஸ்பைரி, அதற்கு முன் கடைசி வியாழன். அன்று ஃபியூச்சரின் கணக்கு பங்கின் கேஷ் முடிவு விலையில்தான் தீர்க்கப்படும். அதனால் இரண்டு விலையும் ஒன்றாகியே தீரும்.

பங்கு 1100-க்குப் போனால் கையிலிருக்கும் பங்கில் 100 லாபம், 1006-க்கு விற்ற ஃபியூச்சரில் 94 நஷ்டம். மிச்சம் 6. பங்கு 900-க்கு விழுந்தால் பங்கில் 100 நஷ்டம், ஃபியூச்சரில் 106 லாபம். மிச்சம் அதே 6. விலை எந்தப் பக்கம் போனாலும் வாங்கிய நாளில் பூட்டிய தொகைதான் கைக்கு வரும்.

படி 3: நடுவில் என்ஏவி ஏன் இறங்குகிறது

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

6 ரூபாய் எக்ஸ்பைரி அன்று உறுதி. ஆனால் தினமும் 22 பைசா வீதம் சீராக வந்து சேராது. என்ஏவியை அன்றன்றைய சந்தை விலையில் கணக்கிடுகிறார்கள், இடைவெளியோ நடுவில் சுருங்கும், விரியும். சந்தையில் திடீரென்று உற்சாகம் வந்து எல்லோரும் ஃபியூச்சர் வாங்க ஓடுகிறார்கள் என்று வையுங்கள். ஒன்பதாவது நாள் பங்கு 1050, ஃபியூச்சர் 1060. பங்கில் 50 லாபம், ஃபியூச்சரில் 54 நஷ்டம். அன்றைய கணக்குப்படி ஃபண்ட் 4 ரூபாய் நஷ்டத்தில் இருக்கிறது.

அந்த 4 ரூபாய் எங்கும் போய்விடவில்லை. இடைவெளி இப்போது 10 ரூபாய். எக்ஸ்பைரிக்குள் அது பூஜ்யமாகும்போது 10 ரூபாய் உள்ளே வரும். நான்கைக் கழித்தால் முதல் நாள் பூட்டிய அதே 6. நான் பயந்து விற்றது இடைவெளி விரிந்திருந்த நாட்களில், அது மூடுவதற்கு முன்னால். ஃபண்டில் பல பங்குகள் இருப்பதால் என்ஏவியில் தெரியும் இறக்கம் இந்த உதாரணத்தைவிட மிகச் சிறியது. ஆனால் தினமும் ஏறும் லிக்விட் ஃபண்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதுவே பெரிதாகத் தெரியும்.

அடையாளம் கண்டுபிடிக்க ஒரு வழி: இறக்கம் எக்ஸ்பைரிக்கு முன் வந்து எக்ஸ்பைரியை ஒட்டித் திரும்பினால் அது இடைவெளியின் விளையாட்டு. எக்ஸ்பைரி தாண்டியும் திரும்பவில்லை என்றால் பங்குப் பக்கத்தை விட்டுவிட்டு, ஃபண்டின் கடன் பகுதியில் ஏதாவது பத்திரத்தின் மதிப்பு விழுந்ததா என்று பாருங்கள்.

படி 4: போர்ட்ஃபோலியோவில் மைனஸ் குறியைத் தேடுங்கள்

முதலீட்டு ஆப்களில் ஒரு வட்டப்படம் போட்டு "ஈக்விட்டி 70%" என்று காட்டுவார்கள். செபி விதிப்படி ஆர்பிட்ரேஜ் ஃபண்ட் குறைந்தது 65% ஈக்விட்டி சார்ந்தவற்றில் வைக்க வேண்டும், அதனால் எண் சரிதான். ஆனால் எதிர்ப்பக்கம் விற்றிருக்கும் ஃபியூச்சர் அந்தப் படத்தில் இருக்காது. ஆப்பை மூடிவிட்டு ஃபண்ட் நிறுவனத்தின் தளத்திலிருந்து மாதாந்திர போர்ட்ஃபோலியோ எக்செல் கோப்பை இறக்குங்கள். ஆப்களைவிட எனக்கு அந்தக் கோப்பின் மேல்தான் நம்பிக்கை.

அதில் ஒரு நிறுவனத்தின் பங்கு 10,500 லட்சம் என்று இருந்தால், அதே நிறுவனத்தின் ஃபியூச்சர் -10,558 லட்சம் என்பதுபோல் இருக்கும், சில கோப்புகளில் தனி அட்டவணையாக. ஃபியூச்சர் ஏன் கொஞ்சம் அதிகம்? பங்குகளின் எண்ணிக்கை ஒன்றுதான், ஃபியூச்சர் விலை கூடுதல். அந்த 58 லட்சம்தான் அடுத்த எக்ஸ்பைரிக்குள் வரவேண்டிய வட்டி, சுமார் 0.55%. எல்லா நிறுவனங்களுக்கும் இந்த வித்தியாசத்தைக் கூட்டிப் பார்த்தால் வரும் மாதத்துக்கு ஃபண்ட் எவ்வளவு பூட்டி வைத்திருக்கிறது என்று நீங்களே தோராயமாகச் சொல்லலாம்.

மீதி 30% சொச்சத்தையும் படியுங்கள். சந்தை ஏறினால் ஃபியூச்சர் நஷ்டத்தை அன்றன்றே ரொக்கமாகக் கட்ட வேண்டும், பங்கில் வந்த லாபமோ ஏட்டில்தான் இருக்கும். அதற்காகவும் மார்ஜினுக்காகவும் டெபாசிட், கருவூல பில், பணச்சந்தைப் பத்திரங்கள் என்று வைத்திருப்பார்கள். நிஜமான கடன் ரிஸ்க் இருப்பது இங்கேதான். கூடுதல் வட்டிக்காகத் தரம் குறைந்த பத்திரங்கள் இருந்தால் நான் அந்த ஃபண்டைத் தொடமாட்டேன்.

படி 5: ரோல்ஓவர்

எக்ஸ்பைரிதோறும் பங்கை விற்று மறுபடி வாங்குவதில்லை. டெலிவரி வாங்க 0.1%, விற்க 0.1% எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி. 1000 ரூபாய்ப் பங்கில் இரண்டும் சேர்ந்து 2 ரூபாய், நம் 6 ரூபாயில் மூன்றில் ஒன்று! அதனால் பங்கை அப்படியே வைத்துக்கொண்டு, இந்த மாத ஃபியூச்சரைத் திரும்ப வாங்கி அடுத்த மாதத்தை விற்பார்கள். இந்த இரண்டு ஃபியூச்சர்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் அடுத்த மாத வருமானம். அது ஒவ்வொரு மாதமும் புதிதாக முடிவாகிறது.

வட்டி விகிதம் இறங்கினால் இதுவும் இறங்கும். வாங்க ஆளில்லாத சந்தையிலும் இறங்கும். 2020 மார்ச்சில் பங்குகள் சரிந்தபோது பல ஃபியூச்சர்கள் கேஷ் விலைக்கும் கீழே போயின. ஏற்கெனவே பூட்டி வைத்திருந்தவர்களுக்கு அது லாபம், சீக்கிரமே கணக்கை முடிக்கலாம். புதிதாக வந்த பணத்துக்கோ வட்டி தர ஆளே இல்லை. ஆக இந்த ஃபண்டின் நிஜமான ரிஸ்க் வருமானம் மெலிவதுதான்.

படி 6: யாருக்கு, எவ்வளவு நாளுக்கு

வரிக்கு இது ஈக்விட்டி ஃபண்ட். 2024 ஜூலை 23 முதல் ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20%. ஓராண்டு தாண்டினால் 12.5%, அதுவும் ஈக்விட்டி லாபம் ஆண்டுக்கு 1.25 லட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு மட்டும். 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய கடன் ஃபண்டுக்கு உங்கள் வருமான வரி அடுக்கு. 30% அடுக்கில் இருப்பவருக்கு ஆர்பிட்ரேஜ் தெளிவாக மேல். வரியே கட்டாதவருக்கு லிக்விட் ஃபண்ட் போதும்.

டைரக்ட் பிளான் மட்டும் வாங்குங்கள். மொத்த வருமானமே 6, 7 சதவீதம் இருக்கும் இடத்தில் கமிஷனுக்கு அரை சதவீதத்துக்கு மேல் விடுவது எனக்கு மனசு ஒப்பாது. குறைந்தது மூன்று எக்ஸ்பைரியாவது தாண்டும் பணத்தைப் போடுங்கள்.

பின்சேர்க்கை: படி 1-ஐச் செய்து பார்த்த இரண்டு பேர் கருத்துப் பகுதியில் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: "என் பங்கில் ஃபியூச்சர் விலை கேஷைவிடக் குறைவு, ஃபார்முலா மைனஸ் காட்டுகிறது, எங்கே தப்பு?" இரண்டு பங்குகளுக்கும் எக்ஸ்பைரிக்குள் டிவிடெண்ட் தேதி இருந்தது. டிவிடெண்ட் பங்கு வைத்திருப்பவருக்குத்தான் வரும், ஃபியூச்சர் வாங்கியவருக்கு வராது. அதனால் வழக்கமான டிவிடெண்ட் தொகை ஃபியூச்சர் விலையில் முன்கூட்டியே கழிந்துவிடும். பங்கு 1000, ஃபியூச்சர் 994, டிவிடெண்ட் 12 என்றால், பங்கை வைத்திருக்கும் ஃபண்டுக்கு 12 ரூபாய் வந்து, 6 ரூபாய் போய், மிச்சம் அதே 6. டிவிடெண்ட் உள்ள பங்குக்கு D2-வில் அந்தத் தொகையைப் போட்டு ஃபார்முலாவை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்:

```
=(B2-A2+D2)/A2*365/C2
```