நாவலில் ஊர் பாத்திரமாக மாறாமல் போவது எதனால்?

முதல் நாவல்களில் அடிக்கடி காணும் தவறு, ஊரை முதல் அத்தியாயத்திலேயே முழுக்கச் சொல்லி முடித்துவிடுவது. கோபுரம், ஆறு, தேரடி, டீக்கடை என்று நாலு பக்கம் போகும். அப்புறம் இருநூறு பக்கத்துக்கு ஊரையே காணோம். ஊர் ஒரு பாத்திரம் என்றால் மற்ற பாத்திரங்களைப் போல அதுவும் கதைக்குள் குறுக்கிட வேண்டும், மாற வேண்டும், எதையாவது இழக்க வேண்டும்.

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) இதை எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். நாஞ்சில் நாட்டு ஊர் ஒன்றின் முச்சந்தியில் ஒரு புளியமரம். அதைச் சுற்றியிருந்த குளம், மன்னர் வருகையை ஒட்டித் தூர்க்கப்படுகிறது. காற்றாடி மரத்தோப்பு அழிந்து பூங்கா வருகிறது. மரத்தடியில் கடைகள், பிறகு புளி ஏலம், வியாபாரப் போட்டி, நகராட்சித் தேர்தல். மரம் ஓர் அடி கூட நகரவில்லை, பேசவும் இல்லை. ஆனால் ஊரில் யாருக்கு எது வேண்டும் என்பதெல்லாம் அதைச் சுற்றித்தான் தீர்மானமாகிறது. கடைசியில் மனிதர்களின் போட்டிக்கு மரமே பலியாகிறது.

அடுத்த தவறு, ஊரை நாயகனின் மனசுக்கு எடுபிடியாக்குவது. அவன் அழுதால் மழை, காதலித்தால் தென்றல். 'நகரம் அவனைப் பார்த்துச் சிரித்தது' என்று எழுதினால் உயிர் வந்துவிடும் என்று நினைப்பதும் இதே வகைதான். ஊருக்கு அவன் பொருட்டே இல்லை என்று காட்டும்போதுதான் அதற்குத் தனிக் குணம் வருகிறது.

கோடைக்காலச் சென்னையில், ஒண்டுக் குடித்தன வீடு ஒன்றில், மனைவி பிரிந்து போகும் முடிவைக் கணவனிடம் சொல்ல வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வெளியே வெயில் கொளுத்துகிறது என்று எழுதுவது வெறும் பின்னணி. அவள் வாயைத் திறக்கும் நேரம் தெருவில் தண்ணி லாரி ஹாரன் அடிக்கிறது. இரண்டு பேரும் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி காதுபட எதுவும் பேச முடியாது. திரும்பி வரும்போது அவன் இரண்டு குடத்தைச் சுமக்கிறான், அவள் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. இங்கே முடிவைத் தள்ளிப்போட்டது சென்னை.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. உங்கள் கதையை அப்படியே கோயம்புத்தூருக்கு மாற்றிப் பாருங்கள். தெருப் பெயர்களை மட்டும் திருத்தினால் போதும் என்றால், ஊர் இன்னும் வெறும் முகவரிதான். இதற்கு மருந்தாகச் சிலர் பஸ் நம்பர், சந்துப் பெயர் என்று அடுக்குவார்கள். அது துல்லியம், அவ்வளவுதான். அந்த பஸ் வராததால் யாருடைய வேலை போனது என்று இருந்தால் சரி.

ஒரே வீட்டுக்குள், ஒருவர் தலைக்குள் நடக்கிற நாவலுக்கு இதெல்லாம் அவசியமும் இல்லை. வலிந்து ஊரைப் புகுத்தினால் கதைதான் இழுக்கும்.