கீமோ நாட்களில் சாப்பாட்டு வாசனை குமட்டினால்

கீமோவில் இருப்பவருக்குச் சாப்பாட்டு வாசனையே குமட்டினால், தயிர்சாதத்தைத் தாளிக்காமல் ஃபிரிட்ஜில் குளிரவைத்துக் கொடுங்கள். கடுகு, பெருங்காயம் எதுவும் வேண்டாம். உப்பு மட்டும் போதும். சூடான உணவிலிருந்து ஆவியோடு மணம் எழும்பி நேரே மூக்குக்கு வரும், குளிர்ந்ததில் அது மிகவும் அடங்கிவிடும். வீட்டைத் தூக்குவது பெரும்பாலும் தாளிப்பு வாசனைதான். அதனால் மற்றவர்களுக்கான சமையலை அவர் குளிக்கும்போதோ வேறு அறையில் தூங்கும்போதோ முடித்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். பாத்திரத்தின் மூடியை அடுப்படியிலேயே திறந்து, முதல் மணம் போனபிறகு கொண்டு போங்கள். பலர் தவறுவது இங்கேதான்: மூடியோடு கொண்டுபோய் முகத்துக்கு நேரே திறப்பார்கள். மோர், சத்துமாவுக் கஞ்சி போன்றவற்றை ஆறவைத்து, மூடியுள்ள டம்ளரில் ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தால் மணம் அவ்வளவாகத் தெரியாது.

ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறுபவர்களுக்குக் குளிரவைத்த உணவு பொருந்தாது. குளிர்ந்தது பட்டால் தொண்டை இறுகுவதுபோல் இருக்கும், விரல்கள் மரத்துப்போகும். அவர்களுக்கு எல்லாமே அறை வெப்பத்தில்தான். வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தால் கடையில் வாங்கிய பாஸ்டரைஸ் செய்த பாலும் தயிரும் நல்லது. அப்போதும் தயிர் தரலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வடித்த சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆற்றி, சீக்கிரமே ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே கிடந்த சோறு வேண்டவே வேண்டாம். ஒருநாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தியானால் உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.