வேலியிலிருந்து அளக்காதீர்கள்: மஜ்லிஸ் பிளான் கடிதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், பழைய தோட்டத்து லயங்கள் இருந்த பக்கம் ஒரு சைட்டுக்குப் போயிருந்தேன். குத்தகை எடுத்திருந்த தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது. மஜ்லிஸ் கொடுத்த கட்டட பிளான் அனுமதிக் கடிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு பத்திரமாக வைத்திருந்தான். "அண்ணே, முன்னால இருபது அடி சரியா விட்டிருக்கேன், வந்து பாருங்க" என்று சொல்லி, டேப்பின் நுனியை வேலிக் கம்பத்தில் மாட்டினான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினைந்து வருஷத்துக்கு முன் நானும் அதே மாதிரித்தான் மாட்டினேன்.

பெயர்ப் பிழை, லாட் நம்பர் பிழை எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். கடிதத்தை வாசித்தும் புரியாமல் போகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

மாடிக் கணக்கைத் தமிழில் எண்ணுவது

கடிதத்தின் நடுவில், தடித்த எழுத்தில் 'சடாங்கான்' என்று தொடங்கும் ஒரு நீண்ட வரி இருக்கும். இன்ன லாட்டில், இன்ன முக்கிமில், இன்ன வகை வீடு, இத்தனை 'திங்காட்' என்று அதில்தான் வரும். பலர் அதை வெறும் தலைப்பு என்று தாண்டிப் போய், கீழே இருக்கும் நிபந்தனைகளைத் தேடுகிறார்கள். ஆனால் அந்த வரிதான் உங்களுக்குக் கிடைத்த அனுமதி. அதில் இல்லாதது எதுவும் அனுமதியில் இல்லை.

நம்மில் பெரியவர்கள் "ஒரு மாடி வீடு" என்றால் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று நினைப்பார்கள். மலாயில் 'சத்து திங்காட்' என்றால் தரைத் தளம் மட்டும்தான். மேலே ஒரு தளம் வேண்டுமானால் 'டுவா திங்காட்' என்று இருக்க வேண்டும். ஒரு பெரியவர் வரைபவரிடம் "ஒரு மாடி போதும்யா" என்று சொல்லி, ஒரே தளத்துக்கு அனுமதி வாங்கிவிட்டு, படிக்கட்டு எங்கே என்று என்னிடம் கேட்டார்.

அஸ்திவாரம் இரண்டு தளத்தைத் தாங்கும், அதனால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்பதும் கடிதத்தின் முன் செல்லாது. மொட்டை மாடியில் துணி காயப் போடக் கூரை போட்டு, பிறகு சுவர் எழுப்பி, அதை அறையாக்குவதும் அனுமதியில்லாத தளம்தான்.

அஞ்சாக்கானை வேலியிலிருந்து அளப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வரும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'அஞ்சாக்கான்' என்பது எல்லையிலிருந்து கட்டடம் எவ்வளவு உள்ளே தள்ளி நிற்க வேண்டும் என்ற தூரம். முன்புறம், பின்புறம், பக்கவாட்டு என்று தனித்தனியாக இருக்கும். பெரும்பாலும் கடிதத்தில் 'அங்கீகரித்த பிளானின்படி' என்று மட்டும் எழுதியிருப்பார்கள். எண் இருப்பது முத்திரை குத்திய பிளானில். அதனால் கடிதத்தை மட்டும் பையில் வைத்துக்கொண்டு சைட்டில் நின்றால் பாதிக் கதைதான் கையில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் அனுமதி.

என் கதை இது. பிளானில் முன்புறம் 6.1 மீட்டர் என்று இருந்தது, அதாவது இருபது அடி. வேலியிலிருந்து இருபது அடி அளந்து, குச்சி அடித்து, முன்வரிசை நான்கு தூண்களுக்கும் அடித்தளம் போட்டு, தூணையும் நிறுத்திவிட்டேன். ஆனால் அந்த வேலி எல்லையில் இல்லை. முன்பு அங்கே இருந்தவர் வாழையும் கறிவேப்பிலையும் வைக்க, சாலைக்கான ஒதுக்கு நிலத்தில் நான்கு அடி வெளியே தள்ளி வேலி போட்டிருக்கிறார். எல்லைக்கல் வேலிக்கு உள்ளே, மண்ணுக்கு அடியில் கிடந்தது. ஆக, எல்லையிலிருந்து என் தூண் பதினாறு அடியில் நின்றது.

கட்டடம் முடிந்ததும் குடியேற வேண்டிய சான்றிதழான சி.சி.சி.யை, அதாவது போராங் எஃப்-ஐ, பிளானைச் சமர்ப்பித்த நிபுணர்தான் கொடுக்க வேண்டும். 2007லிருந்து நடைமுறை அப்படித்தான். அந்தச் சான்றிதழுக்கு முன், வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஜி படிவத்தில் கையெழுத்து வேண்டும். அதில் ஜி2 என்பது கட்டடத்தை நிலத்தில் கோடு போட்டுக் குறித்ததற்கான படிவம். அதை "அப்புறம் போட்டுக்கலாம்" என்று தள்ளியதுதான் என் முட்டாள்தனம். அந்த நிபுணர் வந்து அளந்து பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட மாட்டேன் என்று போய்விட்டார். சரியாகத்தான் செய்தார்.

'பிண்டாஆன்' பிளான் போட்டுச் சரிசெய்யலாமே என்று அப்போதே பலர் சொன்னார்கள். திருத்தப் பிளானும் குறைந்தபட்சத் தூரத்தை மீற முடியாது. என் பிளானில் இருந்த இருபது அடியே குறைந்தபட்சம். நான்கு தூண்களையும் உடைத்து, நான்கு அடி உள்ளே தள்ளி மறுபடி போட்டேன். பதினெட்டு அடி கூடம் பதினான்கு அடி ஆனது, அதற்குத் தனியாகத் திருத்தப் பிளான். இரண்டரை மாதமும் பதினாறாயிரம் ரிங்கிட்டும் போயின. வீட்டுக்கார அக்கா இன்றுவரை அந்தக் கூடத்தைக் காட்டித்தான் என்னை அறிமுகப்படுத்துவார்.

சரியான வழி கஷ்டமில்லை. முதலில் எல்லைக்கற்களைத் தேடுங்கள். கல் காணாமல் போயிருந்தால், அளவை அலுவலகத்தில் அந்த லாட்டின் 'பெலான் அக்குவி'யை வாங்கலாம், ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் அதில் இருக்கும். ஆனால் கல்லை மறுபடி நடுவது உரிமம் பெற்ற நில அளவையாளரின் வேலை, குத்தகைக்காரனுடையது அல்ல. இரண்டு முன் கற்களுக்கு நடுவே நைலான் கயிறு கட்டி, கயிற்றுக்குச் செங்குத்தாக அளங்கள்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் சரி, அந்த முனை எங்கே? பிளானில் அளவுக்கோட்டின் அம்புக்குறி எங்கே முடிகிறது என்று பாருங்கள். வெளிச்சுவரின் முகத்தில் முடிந்தால் அதுவரை அளக்க வேண்டும். தூணின் மையக்கோட்டில் முடிந்தால், தூணின் வெளிமுகம் இன்னும் நாலரை அங்குலம் சாலைப் பக்கம் வந்துவிடும், ஒன்பது அங்குலத் தூணாக இருந்தால்.

இன்னொன்று. சாலையை அகலப்படுத்த லாட்டின் ஒரு பகுதியை ஒப்படைக்க வேண்டும் என்று கடிதத்தில் நிபந்தனை இருந்தால், பழைய கல்லும் ஏமாற்றும். அப்போது பிளானில் காட்டியிருக்கும் புதிய கோடுதான் எல்லை.

அந்தத் தம்பியின் சைட்டில் கயிறு கட்டிப் பார்த்தோம். பதினேழு அடி இரண்டு அங்குலம். நல்லவேளை, குழிதான் தோண்டியிருந்தான், கான்கிரீட் ஊற்றவில்லை. மண்ணைத் திரும்பத் தள்ளினான்.

'கெபெனாரான் மெரன்சாங்' கடிதத்தைக் காட்டி வேலை தொடங்குவது

அது திட்ட அனுமதி. கட்டட பிளான் அனுமதி வேறு கடிதம்.

தேதியைக் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவது

1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி, அனுமதி கிடைத்த தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் அனுமதி காலாவதி. கடிதத்தை நீங்கள் போய் வாங்கிய தேதி கணக்கில் இல்லை. ஜனவரி தேதியிட்ட கடிதத்தை ஏப்ரலில் வாங்கி வந்து, அடுத்த ஏப்ரல்வரை நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்திருந்த ஒருவர், பிப்ரவரியில் மண் வெட்ட வந்தபோது கையில் இருந்தது வெறும் காகிதம்.

முடிக்க வேண்டிய கெடு என்றும் சிலர் பயப்படுகிறார்கள். இது தொடங்க வேண்டிய கெடு. தொடங்கியதற்கு அத்தாட்சி, மஜ்லிஸுக்கு முன்கூட்டியே கொடுக்கும் போராங் பி அறிவிப்பு. புல் வெட்டி, நாலு லோரி மண் கொட்டியதைப் படம் எடுத்து வைத்திருப்பது அதற்கு ஈடாகாது. பணம் தயாராகாமல் இழுபட்டால், காலாவதியான பிறகு போகாதீர்கள். தேதிக்கு முன்பே, பிளானைச் சமர்ப்பித்தவரை வைத்துப் புதுப்பிக்க விண்ணப்பியுங்கள்.